சத்தம் போடாத பிள்ளை

"தங்கமான புள்ளம்மா. ராத்திரியில ஒரு சத்தம் போடாது. படுக்க வெச்சா வெச்ச எடத்துலயே கெடக்கும்."

காப்பகத்தில் மகளை என் கையில் கொடுத்தபோது அங்கிருந்த ஆயா சொன்னது இது. அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். நானும் நல்ல மனதோடுதான் கேட்டுக்கொண்டேன். எங்களுக்கு என்ன யோகம் பார் என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. ஒன்றரை வயதுப் பிள்ளை, இரவில் தொந்தரவே கிடையாதாம்! இன்றைக்கு யாராவது ஒரு பிள்ளையைக் காட்டி "தங்கமான புள்ள, சத்தமே போடாது" என்று சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாமல், தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து கிடைத்தவள் அவள். தத்துக்குக் கலெக்டர் ஆர்டர் வரும்வரை வளர்ப்புப் பொறுப்பில் எங்களிடம் இருப்பாள், அதுவரை அவ்வப்போது வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்று குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துப் பெண்மணி சொல்லியிருந்தார். ஆர்டர் என்பது ஒரு காகிதம்தான், பிள்ளை எங்களுடையது என்று நான் நினைத்துக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் அப்படி நினைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்போது நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாமியார் வீட்டில் இருந்தோம். கணவருக்குக் குடிகாடு பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. எனக்கு அண்ணாமலை நகரில் அலுவலக வேலை. விடிந்ததும் சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, அடுத்த தெருவிலேயே இருந்தார். அண்ணி என்று கூப்பிடுவேன். அவருக்குத் தன் வீட்டை விட எங்கள் வீட்டில்தான் வேலை ஜாஸ்தி.

பிள்ளை வந்த அன்றைக்கே மாமியார் அவளுக்குத் தலைக்கு ஊற்றினார். போட்டு வந்த சட்டை, காப்பகத்திலிருந்து சுற்றிக் கொடுத்த ரோஸ் கலர் டவல், எல்லாவற்றையும் குப்பை வண்டியில் போட்டுவிட்டார். "பழச எதுக்கு உள்ள ஏத்தணும்? நம்ம வூட்டு ராசியோட புதுசா இருக்கட்டும்." அந்த டவலில் பினாயில் வாசனைதான் அடித்தது. ஆனால் அந்த வாசனையில்தான் அவள் பிறந்ததிலிருந்து தூங்கியிருக்கிறாள் என்று யாருக்குத் தோன்றியது? எனக்கும் தோன்றவில்லை. வண்டி போன பிறகு அவள் ரொம்ப நேரம் கையை மூக்கில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்பு வாசனை பிடித்திருக்கிறது போல என்று அண்ணி சொன்னார்.

அந்த வாரமே தொட்டில் போடுகிற விசேஷம். தத்துப்பிள்ளை என்று குறை வைத்துவிடக் கூடாதாம், பெற்ற பிள்ளைக்குச் செய்வதெல்லாம் செய்தாக வேண்டுமாம். உத்திரத்தில் பட்டுப்புடவையைத் தூளியாகக் கட்டி, சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக அவளை வாங்கிப் போட்டு ஆட்டினார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து வந்த பெரியத்தை கையிலிருந்து சின்னத்தை கைக்கு, அங்கிருந்து அண்ணி கைக்கு. ஒவ்வொரு கை மாறும்போதும் அவள் உடம்பு கட்டை மாதிரி விறைத்தது. அழவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. "யாருகிட்ட குடுத்தாலும் போவுது பாரு, முகம் பாக்காத புள்ள" என்று எல்லோருக்கும் பெருமை. முகம் பாக்காத பிள்ளை! ஒரு முகமும் தனக்கென்று நிலைக்காத பிள்ளை எந்த முகத்தைப் பார்க்கும்?

அவள் தூங்கவில்லை என்பது எனக்குச் சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. அழுதால்தானே தெரியும்? தற்செயலாகத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன். இருட்டில் கண்ணை அகலத் திறந்துகொண்டு மல்லாந்து கிடந்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சீராகப் புரட்டிக்கொண்டிருந்தாள். பின்மண்டையில் முடி ஏன் தேய்ந்திருக்கிறது என்று நாங்கள் யோசித்ததற்குப் பதில் அதுதான். ஒரு கைக்குள் சாயங்காலம் கொடுத்த பிஸ்கட், நசுங்கிப்போய். நான் கிட்டே போனதும் தலையாட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றரை வயதுப் பிள்ளை தூங்குவது மாதிரி நடித்தது.

அதன் பிறகு கவனித்தேன். சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு. கொஞ்சம் அசந்தால் உடம்பு தூக்கிப் போட்டு விழிப்பு. பகலிலும் தூக்கமில்லை, உட்கார்ந்தபடியே சொக்கி விழுவாள். தூளியில் போட்டால் விறைப்பு. தோளில் போட்டுத் தட்டினாலும் என்னை நெட்டித் தள்ளுவாள்.

சிதம்பரத்தில் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். காது, தொண்டை, பல் எல்லாம் பார்த்தார். ரத்தம் எடுத்தார். இரும்புச்சத்து குறைவாக இருக்கிறது, அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும் என்று சொட்டு மருந்து எழுதினார். "ஆனா இதுக்கு மட்டும் மருந்து போதாதும்மா. கூப்பிட்டாலும் யாரும் வர மாட்டாங்கன்னு கத்துக்கிட்ட புள்ள இது. வருவாங்கன்னு திரும்பக் கத்துக்கணும். அதுக்கு நாளாவும். தனியா அழ விட்டுப் பழக்குறது, தூக்க மருந்து குடுக்குறது, ரெண்டும் கூடவே கூடாது."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணி சிரித்தார். "நம்ம புள்ளைங்களுக்கெல்லாம் சளி மருந்து ஒரு மூடி ஊத்துனா விடிய விடியத் தூங்கலையா? டாக்டருங்க அப்டித்தான் பயமுறுத்துவாங்க." மறுநாள் அந்த பாட்டிலை வாங்கியும் வந்துவிட்டார். நான் அதை வாஷ்பேசினில் கவிழ்த்தேன். அவர் முன்னாலேயே கவிழ்த்தேன். அதற்கு ஒரு வாரம் பேச்சில்லை. நிம்மதியான வாரம் அது.

எங்கள் அலுவலகத்தில் கைக்குழந்தையைத் தத்தெடுத்தால்தான் லீவு. இவள் வயது தாண்டிவிட்டாளாம். அலுவலகத்தில் இதைச் சொன்னவர் ஏதோ பஸ் போய்விட்டது என்பது போலச் சொன்னார். இருந்த லீவையெல்லாம் போட்டுத் தீர்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். ராத்திரி விழிப்பு, காலையில் பஸ். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் கம்பியில் தலை இடித்துக்கொண்டு தூங்குவேன். கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட்ட நாளெல்லாம் உண்டு.

அப்போதுதான் மாமியாரும் அண்ணியும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். ராத்திரிக்கு முறை வைத்துக்கொள்வோம். ஒரு நாள் மாமியார் பக்கத்தில், ஒரு நாள் அண்ணி வந்து படுத்துக்கொள்வார், வாரக்கடைசியில் நான். "நீயும் மனுஷிதான. நாலு பேரு இருக்குற வூட்ல ஒருத்தியே ஏன் சாவணும்?" அவர்கள் சொன்னதில் கள்ளமில்லை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எத்தனை பேருக்கு இப்படி ஒரு குடும்பம் வாய்க்கும் என்று நினைத்தேன்.

அதிசயமாகப் பிள்ளையும் அடங்கினாள். முறை வைத்த கொஞ்ச நாளில் தலையாட்டுவது தவிர வேறு எதுவும் இல்லை. படுத்தால் படுத்த இடம். மாமியாருக்கு ஏக பெருமை. "கூட்டுக் குடும்பம்னா சும்மாவா?"

ஒரு சாயங்காலம் நாங்கள் எல்லோரும் ஹாலில் இருந்தோம். கணவர் நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பி யூனிபார்ம் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே இருட்டியதும் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். உள்ளே போய்த் தன் சின்னத் தலையணையை எடுத்துக்கொண்டு வந்து ஹால் நடுவில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். மாமியார் முகத்தைப் பார்த்தாள். அண்ணி முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அண்ணி முறை. அண்ணி கையை நீட்டியதும் நேராக அவரிடம் போய்விட்டாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அண்ணி பூரித்துப்போனார். "எவ்ளோ வெவரம் பாரேன்!"

கணவர் பட்டன் போடுவதை நிறுத்திவிட்டார். "ஏய், இவ யாரு டூட்டின்னு பாக்குறாடி" என்றார் என்னிடம், மெதுவாக. "கம்பெனியில ஷிப்ட் மாறுறப்ப நாங்க இப்டித்தான் நிப்போம். இன்னைக்கு யாரு இன்சார்ஜுன்னு பாப்போம். அவரு சொன்னா சரிம்போம். அவ்ளோதான், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

எனக்குக் காப்பகத்தின் அந்த நீள அறை கண்முன்னால் வந்தது. வரிசையாகக் கட்டில்கள், இரவெல்லாம் எரிகிற ட்யூப்லைட், பகலுக்கு ஓர் ஆயா, ராத்திரிக்கு ஓர் ஆயா, ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொருத்தி. அவர்கள் என்ன செய்வார்கள், அத்தனை பிள்ளைக்கு இரண்டு கைதானே. ஆனால் நாங்கள்? ஒரே ஒரு பிள்ளைக்கு, பாசத்தோடு, மெனக்கெட்டு, அதே காப்பகத்தை வீட்டுக்குள் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் அடங்கவில்லை. பழைய இடத்துக்கே திரும்பிப் போயிருந்தாள்.

மறுநாளே சொல்லிவிட்டேன், இனிமேல் ராத்திரிக்கு நான் மட்டும்தான் என்று. கொஞ்ச காலத்துக்குக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்க வைப்பது எல்லாம் ஒரே கை. வீட்டுக்கு வந்து பார்த்த குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துப் பெண்மணியும் அதையேதான் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டபிறகாவது புரியும் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

"அப்ப எங்க கை படக்கூடாதா? நாங்க என்ன அசிங்கமா?" என்றார் மாமியார்.

"அப்டி இல்ல அத்த. கொஞ்ச நாளைக்கு..."

"பெத்தவளுங்களே இவ்ளோ பண்ண மாட்டாளுங்க." இது அண்ணி. அதோடு விட்டிருந்தால் நான் அந்த வீட்டிலேயே இருந்திருப்பேன். விடவில்லை. "இன்னும் ஆர்டர் வரலல்ல? இவ்ளோ ரோதனையா இருந்தா திருப்பிக் குடுத்துட வேண்டிதான. இதவிட சின்னதா, பழக்கத்துக்கு வர்றதா ஒண்ணு கெடைக்காமலா போயிடும்?"

பிள்ளை அங்கேதான் இருந்தாள், டம்ளரை உருட்டிக்கொண்டு. புரிந்திருக்காது. ஆனால் நான் அவள் காதைப் பொத்தினேன். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தரையைப் பார்த்தார். அந்த மௌனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அண்ணாமலை நகரில், மாணவர்கள் தங்கும் லாட்ஜுக்குப் பக்கத்தில், ஒரு மாடிப் போர்ஷன் வாடகைக்குக் கிடைத்தது. கீழே வீட்டுக்கார அம்மா பகலில் பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டார். எங்கள் போர்ஷனிலேயே, அவர் ஒருவர் மட்டும். மதியம் நான் ஓடிவந்து சோறூட்டிவிட்டுப் போவேன். வேலைக்காகக் கடலூரிலேயே இருந்துவிட்ட கணவர் லீவு நாளில் வந்தார். முதல் தடவை வந்தபோது "அக்கா பேசுனதுக்கு நான் எதாவது சொல்லியிருக்கணும்" என்றார். "ஆமா" என்றேன். சாப்பாடு போட்டேன். கடலூரில், நான் பிள்ளையைச் சாக்கு வைத்துத் தனிக்குடித்தனம் போய்விட்டதாகப் பேச்சு.

தூளி கட்டவில்லை. கட்டில் வாங்கவில்லை. தரையில் பாய், அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். விடிய விடிய ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு, ஏனென்றால் இருட்டு அவளுக்குப் பழக்கமில்லை. தினமும் ஒரே வரிசை: வெந்நீர்க் குளியல், தயிர்சோறு, ஜன்னலுக்கு டாட்டா, பாய். கையில் பிஸ்கட்டோடு படுத்தால் பிடுங்கமாட்டேன், தலைமாட்டில் ஒரு சின்ன டப்பாவில் இன்னும் இரண்டு வைத்துக் காட்டுவேன். பாத்ரூம் போனால்கூடச் சொல்லிவிட்டுப் போவேன், "அம்மா போயிட்டு வந்துடுவேன்" என்று. வந்ததும் "வந்துட்டேன் பாரு" என்பேன். பகலில் அதையே விளையாட்டாக, துண்டால் முகத்தை மூடி, திறந்து. அவள் கூப்பிடாமலேயே, கண் திறந்திருந்தால் கை வைத்து "அம்மா இங்கதான் இருக்கேன்" என்பேன். கையைத் தட்டிவிடுவாள். எடுத்துக்கொள்வேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். சொல்லிச் சொல்லி எனக்கே அந்த வார்த்தை சலித்துப்போனது. சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். தூக்கமில்லாமல் தலை கிறுகிறுத்து, இவள் நன்றிகெட்டவள் என்றுகூட நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்படவில்லை. அந்த நிலையில் யாரும் நினைப்பார்கள்.

எப்போது மாறியது என்று சொல்ல முடியவில்லை. முதலில் தலையாட்டல் குறைந்தது. பிறகு பிஸ்கட்டை மறந்துவிட்டுப் படுத்தாள். ஒரு நாள் என் தாலிக்கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். அப்புறம் ஒரு ராத்திரி, நல்ல மழை, கரண்ட் போய்விட்டது, அடித்தொண்டையிலிருந்து ஓர் அலறல். "ம்மா!"

தூக்கத்திலிருந்து எழுந்து, இருட்டில் பயந்து, என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்டால் வருவார்கள் என்று கூப்பிட்டாள். நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள், ஊரைக் கூட்டுகிற மாதிரி. பக்கத்து லாட்ஜிலிருந்து ஒரு மாணவன் ஜன்னலைத் திறந்து, "ஆன்ட்டி, காலையில எக்ஸாம் ஆன்ட்டி" என்றான். "நல்லா எழுதுப்பா" என்றேன். வேறென்ன சொல்வது.

அதற்குப் பிறகு ராத்திரிக்கு ராத்திரி அழுகைதான். எழுந்து கூப்பிடுவாள், நான் இருப்பேன், மறுபடி தூங்குவாள். அழுகை குறைந்து முனகலாகி, கை மட்டும் என்னைத் தேடித் தொட்டுப் பார்த்துவிட்டுத் தூங்குகிற அளவுக்கு வந்தது. ஆர்டரும் வந்தது. கடலூரிலிருந்து எல்லோரும் ஸ்வீட்டோடு வந்தார்கள். இனிமேல் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதால் எல்லோருக்கும் பாசம் பொங்கியது.

அந்த நிம்மதி எத்தனை நாள்? வயிற்றுவலி என்று போன என்னைக் குடல்வால் என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, உடனே ஆபரேஷன் என்றார்கள். பிள்ளையை வார்டுக்குள் விடமாட்டார்கள். கணவர் ஆஸ்பத்திரியில் எனக்காக ஓடிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழியாக, பிள்ளையைக் கடலூருக்கு அனுப்பிவிட்டார். அவளிடம் சொல்லிவிட்டுப் போகக்கூட எனக்கு நேரம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பாத்ரூமுக்கே சொல்லிவிட்டுப் போன நான், அந்த ஒரு தடவை சொல்லாமல் போனேன்.

டிஸ்சார்ஜ் ஆனதும் தையலோடு நேராகக் கடலூருக்குக் காரை விடச் சொன்னேன். உள்ளே நுழைந்தபோது அவள் அண்ணி மடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. பார்த்தாள், அவ்வளவுதான். கைக்குள் நசுங்கிய பிஸ்கட்.

"நீ பயந்தியே, ஒரு சத்தம் இல்ல தெரியுமா?" என்றார் அண்ணி. "நானும் அம்மாவும் மாத்தி மாத்திப் படுத்துக்கிட்டோம். படுக்க வெச்சா வெச்ச எடம். தங்கமான புள்ள."

உள்ளுக்குள் என்னென்னவோ வந்தது. பேசினால் தையல் பிரிந்துவிடும் என்று பேசவில்லை.

இருட்டியதும் அவள் எழுந்து போனாள். ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு வந்து ஹால் நடுவில் நின்றாள். மாமியாரைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். அவள் அசையவில்லை. யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

நான் எழுந்துபோய், முடிந்தமட்டும் குனிந்து, கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனேன். பாயில் படுத்தோம். கண்ணை அகலத் திறந்துகொண்டு மல்லாந்து கிடந்தாள், வந்த புதிதில் கிடந்த மாதிரியே. தலை மெதுவாகப் புரள ஆரம்பித்தது.

"அம்மாவுக்கு வயிறு வலி. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உன்கிட்ட சொல்லாம போயிட்டேன். வந்துட்டேன் பாரு."

தலை நின்றது. என் பக்கம் திரும்பினாள். கையை ஓங்கி என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். சின்னக் கைதான், ஆனால் சுரீரென்று இருந்தது. இன்னொன்று. இன்னொன்று. பிறகு வாயைக் கோணிக்கொண்டு வீறிட்டாள். எத்தனை ராத்திரி அடக்கி வைத்திருந்தாளோ, அத்தனையும் சேர்த்து வீறிட்டாள்.

"அடிடி. நல்லா அடி. எங்கடி போனேன்னு கேளு" என்றேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டே அடித்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு மாமியார் வந்தார். லைட்டைப் போட்டார். "அய்யய்யோ, நீ இல்லாதப்ப எவ்ளோ சாதுவா இருந்துது! வந்த ஒடனே கெடுத்துட்டியேம்மா!"

"ஆமா அத்த, கெடுத்துட்டேன்" என்றேன். "லைட்ட அணைச்சிட்டு, கதவ சாத்திக்கிட்டுப் போங்க."